பணம் கட்டினால் மட்டும் கடன் முடிந்துவிடாது: தனிநபர் கடனை முன்கூட்டியே அடைக்கக் கடிதம் எழுதும் முறை

தனிநபர் கடன் வாங்கியவர் கையில் எதிர்பாராமல் பணம் வருகிறது. சீட்டுப் பணமோ, வயல் விற்ற பணமோ, பணிக்கொடையோ எதுவாகவும் இருக்கலாம். மீதி எவ்வளவு என்று கைப்பேசிச் செயலியில் பார்த்து, அந்தத் தொகையைக் கடன் கணக்குக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வழக்கம்போலத் தவணை பிடித்தம் ஆகிறது. ஏனென்றால், நிறுவனத்தின் கணினிக்கு அவர் கடனை முடிக்கச் சொன்னது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கூடுதலாகக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது என்பதுதான். அந்தப் பணம் முன்பணமாக ஒரு மூலையில் கிடக்கும், வட்டி தன் பாட்டுக்கு ஓடும்.

மதுரையில் ஒரு கடன் பிரிவு மேசையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் அக்கம்பக்கத்தில் யாராவது கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பணத்தைக் கட்டுவது வேறு, கடனை முடிப்பது வேறு. உங்கள் கடிதம்தான் கட்டிய பணத்தைக் கடன் முடிப்பாக மாற்றுகிறது. அதனால் பணத்துக்கு முன்னால் கடிதம் போக வேண்டும்.

திருமங்கலத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் தம்பி ஒருவரின் கடனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 2023 அக்டோபரில் 3,00,000 ரூபாய் வாங்கினார். வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம், மாறாத வட்டி. 48 தவணைகள், மாதம் 8,198 ரூபாய், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பிடித்தம். கடன் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட, தேதியும் தொகையும் எழுதாத இரண்டு காசோலைகளையும், அவருடைய எல்.ஐ.சி. பாலிசிப் பத்திரத்தையும் நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டது. பாலிசி நிறுவனத்தின் பெயருக்கு உரிமை மாற்றமும் செய்யப்பட்டிருந்தது. 2025 ஜூன் 5ஆம் தேதி இருபதாவது தவணை முடிந்தபோது, மொத்தத்தையும் அடைத்துவிடலாம் என்று என்னிடம் வந்தார்.

முதலில் சாங்ஷன் லெட்டர்

எழுதத் தொடங்குமுன் கடன் அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அது இல்லையென்றால் கடன் ஒப்பந்தம். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாளும் கொடுத்திருப்பார்கள். முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு கட்டணம் என்பது அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் சொல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

இதில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, வட்டி மாறுவதா மாறாததா என்பது. மாறும் வட்டியில் தனிமனிதர் தொழிலுக்கு அல்லாமல் வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணமே கிடையாது. வங்கிக்கும் நிதி நிறுவனங்களுக்கும் 2014இலிருந்தே இதைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் தனிநபர் கடன்களில் பெரும்பாலானவை மாறாத வட்டி என்பதால் இந்தச் சலுகை நம்மில் பலருக்குக் கிடைப்பதில்லை. இரண்டாவது, இத்தனை தவணை கட்டிய பிறகுதான் முடிக்கலாம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பது. ஆறு அல்லது பன்னிரண்டு தவணை என்று போட்டிருப்பார்கள். மூன்றாவது, கட்டண விகிதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பது. மீதமுள்ள அசலின் மேலா, வாங்கிய மொத்தக் கடனின் மேலா? இந்த ஒரு சொல்லில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வந்துவிடும். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களில், கட்டணம் முன்கூட்டி அடைக்கும் தொகையின் மேல்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பழைய கடன்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

நம் தம்பியின் தாளில் மீதமுள்ள அசலில் 4 சதவீதம், அதற்குமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று இருந்தது. ஆக 100 ரூபாய்க்கு 4 ரூபாய் 72 காசு.

அடைப்பது லாபம்தானா?

இருபது தவணை கட்டிய பிறகு அவருக்கு மீதி அசல் 1,94,861 ரூபாய். ஜூன் 19ஆம் தேதி அடைப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்தாம் தேதியிலிருந்து 14 நாள் வட்டி சேரும். ஒரு நாள் வட்டி சுமார் 75 ரூபாய், 14 நாளுக்கு 1,046. கட்டணம் 7,794. அதன் மேல் வரி 1,403. எல்லாம் சேர்த்து 2,05,104 ரூபாய். அடைக்காமல் விட்டால் மீதி 28 தவணைக்கு அவர் கட்டப்போவது 2,29,544. ஆக மிச்சம் 24,440 ரூபாய். அடைக்கலாம் என்றேன்.

இதே கடனில் ஏழு தவணை மட்டும் மிச்சம் இருக்கும்போது வந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அப்போது மீதி அசல் 54,799 ரூபாய். ஏழு தவணையிலும் உள்ள வட்டி மொத்தம் 2,587. கட்டணமும் வரியும் சேர்ந்து 2,586. ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது. இடையில் ஓடும் நாள் வட்டியையும் சேர்த்தால் கைநட்டம். கட்டணம் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். உங்கள் விகிதத்தை வைத்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

எந்தத் தேதியில்?

தவணை பிடித்தம் ஆகி, கணக்கில் ஏறிய இரண்டு மூன்று நாள் கழித்துக் கடிதம் கொடுங்கள். அதே மாதம் இருபது, இருபத்தைந்துக்குள் பணத்தைக் கட்டிவிடுங்கள். மாதக் கடைசிக்குப் போனால் அடுத்த தவணைக்கான கோரிக்கையை உங்கள் வங்கிக்கு அனுப்பும் வேலை தொடங்கிவிடும். தானியங்கிப் பிடித்தம் ஒருமுறை கிளம்பிவிட்டால், கடன் முடிந்திருந்தாலும் அந்த ஒரு தவணை பிடிபட்டே தீரும். பிறகு திருப்பி வாங்க அலைய வேண்டும். பிடித்தத்தைத் தடுக்கிறேன் என்று கணக்கைக் காலியாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். பிடித்தம் திரும்பினால் நிறுவனம் ஒரு அபராதம் போடும், உங்கள் வங்கி ஒரு அபராதம் போடும், முடிந்த கடனில் நிலுவை முளைத்துவிடும்.

கடிதம்

கையால் எழுதினாலும் சரி, தட்டச்சு செய்தாலும் சரி. தமிழில் எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் கோப்பு சென்னைக்கோ மும்பைக்கோ போகும் நிறுவனமாக இருந்தால், உங்கள் பெயரையும் கடன் எண்ணையும் ஒப்பந்தத்தில் உள்ள எழுத்திலேயே ஒருமுறை எழுதிவிடுங்கள். அந்தத் தம்பிக்கு எழுதிய கடிதம் இது.

> அனுப்புநர்:
> (ஒப்பந்தத்தில் உள்ளபடி பெயர்)
> (முகவரி), திருமங்கலம், மதுரை மாவட்டம்
> கைப்பேசி: ..........
>
> பெறுநர்:
> கிளை மேலாளர்,
> (நிறுவனத்தின் பெயர்), (கிளை), மதுரை
>
> நாள்: 9.6.2025
>
> பொருள்: தனிநபர் கடன் எண் .......... – முன்கூட்டியே முழுவதும் அடைத்து முடித்தல் – இறுதித் தொகை விவரம், நிலுவையில்லாச் சான்று, அசல் ஆவணங்கள் கோருதல் – தொடர்பாக.
>
> ஐயா,
>
> மேற்கண்ட எண்ணில் தங்கள் கிளையில் 2023 அக்டோபரில் ரூ.3,00,000 தனிநபர் கடன் பெற்றேன். 5.6.2025 வரை உரிய 20 தவணைகளையும் செலுத்திவிட்டேன்.
>
> இக்கடனை 19.6.2025 அன்று முழுவதுமாக அடைத்து முடிக்க விரும்புகிறேன். அன்றைய தேதிக்குச் செலுத்த வேண்டிய இறுதித் தொகையை, மீதி அசல், நாள் வட்டி, முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம், அதன் மீதான வரி, வேறு நிலுவை ஏதும் இருந்தால் அது எந்தத் தேதிக்குரியது என்ற விவரம் ஆகியவற்றுடன் தனித்தனியே குறிப்பிட்டு எழுத்து மூலம் தர வேண்டுகிறேன். 19ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி சேரும் என்பதையும், தொகையைச் செலுத்த வேண்டிய கணக்கு எண்ணையும் அதில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> தொகை செலுத்தப்பட்டதும் கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன்:
>
> 1. கடன் முழுவதும் செலுத்தி முடிக்கப்பட்டது, நிலுவை ஏதும் இல்லை என்ற சான்று, கையொப்பம், முத்திரையுடன்.
> 2. முதல் தவணை முதல் முடித்த நாள் வரையிலான கடன் கணக்கு அறிக்கை.
> 3. என்னிடம் பெற்ற அசல் ஆவணங்கள்: (அ) .......... வங்கி, .......... கிளைக் காசோலைகள் இரண்டு, எண்கள் .......... மற்றும் ..........; (ஆ) எல்.ஐ.சி. பாலிசிப் பத்திரம், எண் .........., என் பெயருக்கு மறு உரிமை மாற்றம் செய்து.
> 4. என் வங்கிக் கணக்கில் உள்ள தானியங்கிப் பிடித்த ஆணையை ரத்து செய்தல்.
> 5. கடன் தகவல் நிறுவனங்களுக்கு இக்கடன் முடிக்கப்பட்டது எனத் தெரிவித்தல்.
> 6. இக்கடனுடன் சேர்த்து எடுக்கப்பட்ட காப்பீடு இருப்பின், மீதிக் காலத்துக்குரிய தொகையைத் திருப்பித் தருவதற்கான வழிமுறை.
>
> அசல் ஆவணங்களை இதே கிளையில் நேரில் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்.
>
> இப்படிக்கு,
> (ஒப்பந்தத்தில் உள்ள அதே கையொப்பம்)
>
> இணைப்பு: அனுமதிக் கடித நகல், ஆதார் நகல், ஆவணங்கள் பெற்றதற்கான ரசீது நகல்.

சில வரிகள் அங்கே ஏன் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். “விரைவில் அடைக்க விரும்புகிறேன்” என்று எழுதினால் கடிதம் மேசையிலேயே தூங்கும். தேதி போட்டால்தான் அவர்கள் அந்தத் தேதிக்குக் கணக்குப் போட்டாக வேண்டும். நாள் வட்டியைக் கேட்டு வைத்தது, ஒருவேளை பணம் இரண்டு நாள் தள்ளிப்போனால் நீங்களே கூட்டிக் கட்ட வசதியாக இருப்பதற்காக. பத்து ரூபாய் குறைந்தாலும் கடன் முடியாது. அந்தப் பத்து ரூபாய் நிலுவையாக நின்று, அதற்கு அபராதம் ஏறி, ஒரு வருடம் கழித்து அறிவிப்பு வந்த வீடுகள் உண்டு.

காசோலைகளை எண்களோடு எழுதுவது இந்தக் கடிதத்தின் உயிர். “என் ஆவணங்களைத் திருப்பித் தரவும்” என்று மட்டும் எழுதினால், எந்த ஆவணம் என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது. எண் தெரியவில்லையென்றால் உங்கள் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எந்த எண்கள் பணமாக்கப்படாமல் இருக்கின்றன என்று உங்கள் வங்கியில் கேட்டால் சொல்வார்கள். தம்பிக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஆறாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுக்கு ஒரு தொகையை மொத்தமாகப் பிடித்துக்கொள்வது வழக்கம். நான்கு வருடத்துக்குப் பிடித்த காப்பீட்டை இரண்டு வருடத்தில் நிறுத்தினால் ஒரு பகுதி திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

ஒன்றை மட்டும் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். “குடும்பச் சூழ்நிலையால் கட்ட முடியவில்லை, தயவுசெய்து ஒரு தொகையில் முடித்துக்கொள்ளவும்” என்ற பாணியில் ஒரு சொல்கூட வேண்டாம். அது சமரசத் தீர்வு கேட்பது. கடன் தகவல் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழுந்துவிட்டால் அடுத்த கடனுக்குப் பல வருடம் கதவு மூடிக்கொள்ளும். முழுத் தொகையையும் கட்டுகிற நீங்கள் ஏன் அந்தப் பெயரை வாங்க வேண்டும்?

கடிதத்தைக் கொடுப்பது

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கிளையில் கொடுத்து, மற்றதில் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றையும் வாங்குங்கள். இங்கேதான் தகராறு வரும். மேல வெளி வீதிப் பக்கம் உள்ள அந்தக் கிளையில் தம்பியோடு நானும் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண், “ஆப்பிலேயே கோரிக்கை போட்டுவிடலாமே சார், கடிதமெல்லாம் வாங்குவதில்லை” என்றார். “போட்டுவிடுகிறோம் அம்மா. இதையும் வாங்கிக்கொண்டு சீல் மட்டும் போட்டுக் கொடுங்கள். இவருடைய காசோலை உங்களிடம் இருக்கிறது, அதை ஆப்பில் எப்படிக் கேட்பது?” என்றேன். அவர் உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து முத்திரை குத்தினார். குரலை உயர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை. செயலியில் கோரிக்கை போடுவதும் நல்லதுதான், கோரிக்கை எண் கிடைக்கும். ஆனால் அந்தச் செயலியில் அசல் ஆவணம் கேட்க இடமே இருக்காது.

கிளையில் அடியோடு மறுத்தால் வாதாட வேண்டாம். நேராகத் தபால் நிலையத்துக்குப் போங்கள். பழைய பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்பதால், கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லி, ஒப்படைத்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பிரதி கிளைக்கு, இன்னொன்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்திலும் கிளைச் சுவரில் ஒட்டிய பலகையிலும் இருக்கும். அதே கடிதத்தைப் படமெடுத்து, ஒப்பந்தத்தில் பதிந்துள்ள உங்கள் மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவைத்தால் தேதிக்கு இன்னொரு சாட்சி.

இறுதித் தொகை விவரம் வந்ததும்

நிறுவனம் கொடுக்கும் தாளை அப்படியே நம்பிக் கட்டிவிடாதீர்கள். தம்பிக்கு வந்த தாளில் மொத்தம் 2,05,694 என்று இருந்தது. நாங்கள் போட்ட கணக்கைவிட 590 கூடுதல். வரிவரியாகப் பார்த்தால், ‘இதர நிலுவை 590’ என்று ஒரு வரி. அது போன வருடம் ஒரு தவணை திரும்பியதற்கான அபராதம் 500, வரி 90. அதை அவர் அடுத்த மாதமே கட்டிவிட்டிருந்தார், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பதிவும் இருந்தது. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து நான்கு வரியில் ஒரு கடிதம் கொடுத்ததும் திருத்திய தாள் வந்தது. தேதியோடு விவரம் கேட்டு முதல் கடிதத்திலேயே எழுதியிருந்ததால்தான் அந்த வரி கண்ணில் பட்டது. மொத்தமாக ஒரே தொகையைப் போட்டுக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்காது.

விவரத் தாள் எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் புதிய தாள் வாங்க வேண்டும்.

பணத்தை உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள், அல்லது நிறுவனத்தின் பெயருக்கு டிடி எடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்.டி.ஜி.எஸ்., அதற்குக் குறைவென்றால் என்.இ.எஃப்.டி. நிதி நிறுவனத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாகத் திருப்பிக் கட்டுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்கு வரும் வசூல்காரர் “என்னிடம் கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்” என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

பணம் போன அன்றே இரண்டாவது கடிதம். நீளமாக வேண்டாம். “9.6.2025 தேதியிட்ட என் கடிதத்தின்படியும், தாங்கள் அளித்த இறுதித் தொகை விவரத்தின்படியும் ரூ.2,05,104ஐ 19.6.2025 அன்று செலுத்திவிட்டேன். பரிவர்த்தனை எண் ........... இத்தொகையைக் கடனை முடிப்பதற்கு மட்டுமே வரவு வைக்க வேண்டுகிறேன். நிலுவையில்லாச் சான்றையும் என் முந்தைய கடிதத்தில் பட்டியலிட்ட அசல் ஆவணங்களையும் தர வேண்டுகிறேன்.” அவ்வளவுதான். ‘கடனை முடிப்பதற்கு மட்டுமே’ என்ற சொற்களை மறக்காதீர்கள். நான் தொடக்கத்தில் சொன்ன முன்பணக் குழப்பத்தை அடைக்கும் சொற்கள் அவை. இதற்கும் முத்திரை வாங்குங்கள்.

பத்து நாள் கழித்து உங்கள் வங்கியில் தானியங்கிப் பிடித்த ஆணை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் ரத்து செய்யாவிட்டால் உங்கள் வங்கியில் நீங்களே எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். ஆனால் கடன் முடிந்தது உறுதியான பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

சான்று வந்தால் அதைப் படியுங்கள்

நோ டியூ சர்டிபிகேட் என்று ஒரு தாள் வந்ததும் மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறோம். அதில் கடன் எண் சரியா, பெயர் சரியா, முடிந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ‘முழுவதும் செலுத்தப்பட்டது, நிலுவை இல்லை’ என்ற பொருள் தெளிவாக இருக்க வேண்டும். ‘கணக்குகளின் இறுதிச் சரிபார்ப்புக்கு உட்பட்டு’ என்பது போன்ற வால் இருந்தால் அது இடைக்காலத் தாள்தான். இறுதிச் சான்று வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ‘தீர்த்துக்கொள்ளப்பட்டது’ என்ற வார்த்தை இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். கணினியில் உருவான சான்றில் கையொப்பம் தேவையில்லை என்று அச்சிட்டிருப்பார்கள். அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் நாளை ஒரு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அங்கே முத்திரை கேட்பார்கள் என்பதால், கிளையில் காட்டி ஒரு முத்திரை வாங்கி வைப்பது நல்லது.

அசல் ஆவணங்கள்

வீட்டுப் பத்திரம் போன்ற சொத்து ஆவணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13இல் ஒரு கட்டளை போட்டது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவு செய்த பொறுப்பையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் திருப்ப வேண்டியவற்றுக்கு இது செல்லும். கடனைக் கையாண்ட கிளையில் வாங்குவதா, ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்குவதா என்பதும் உங்கள் விருப்பம். தொலைந்துவிட்டது என்றால் நகல் ஆவணம் எடுக்கும் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். அதற்காக மேலும் 30 நாள் அவர்களுக்கு உண்டு, அதன் பிறகு இழப்பீடு ஓடத் தொடங்கும்.

அந்தக் கட்டளை அசையும், அசையாச் சொத்து ஆவணங்களைப் பற்றியது. காப்பீட்டுப் பாலிசியும் அசையும் சொத்துதான் என்று சொல்லி நீங்கள் கேட்கலாம், நாங்களும் அப்படித்தான் எழுதினோம். வெற்றுக் காசோலைக்கு அந்த 5,000 ரூபாயைக் கேட்டு எழுதினால் கடிதத்தின் மதிப்புத்தான் குறையும்.

ஆனால் காசோலை சாதாரணத் தாள் அல்ல. கையெழுத்திட்ட காசோலை யார் கையில் இருந்தாலும் தொகை எழுதிப் போட்டுவிட முடியும், திரும்பினால் வழக்கு வரும். எனவே திரும்பி வரும் காசோலையில் எண்ணைச் சரிபார்த்து, குறுக்கே கோடிட்டு ரத்து செய்து வைத்துக்கொள்ளுங்கள். “காசோலைகளை அழித்துவிட்டோம்” என்று வாயால் சொன்னால் போதாது. எண்களைக் குறிப்பிட்டு அழித்ததாக எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரவில்லையென்றால் அந்த எண்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள். தம்பிக்கு ஒரு காசோலை வந்தது, இன்னொன்று தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். அன்று மாலையே அந்த எண்ணுக்குத் தடை போட்டுவிட்டோம்.

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் வேலை முடியவில்லை. எல்.ஐ.சி. பதிவேட்டில் இன்னும் நிறுவனத்தின் பெயர்தான் உரிமையாளராக இருக்கும். நிறுவனம் மறு உரிமை மாற்றம் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அதை உங்கள் பாலிசி உள்ள எல்.ஐ.சி. கிளையில் கொடுத்துப் பதிவு செய்து, பதிந்ததற்கு எழுத்து வாங்க வேண்டும். அப்போதே நியமனதாரர் பெயர் பதிவில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பாலிசி முதிரும் நாளில், எப்போதோ அடைத்த கடனுக்காக ஒரு நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டிவரும். அது வேறு பெயரில் வேறு ஊருக்குப் போயிருந்தாலும் வியப்பில்லை.

வீட்டுப் பத்திரம் கொடுத்திருந்தவர்களுக்கு இன்னொரு படி. பத்திரத்தை ஒப்படைத்த குறிப்பாணை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் முடிந்ததற்கான ரசீது ஆவணத்தையும் நிறுவனம் அதே அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் இரண்டு பதிவும் தெரியும். முதல் பதிவு மட்டும் தெரிந்தால், பத்திரம் உங்கள் கையில் இருந்தும் வீட்டை விற்க முடியாது.

முப்பது நாள் தாண்டினால்

கிளைக்கு மறுபடி மறுபடி போய் நிற்பதில் பயனில்லை. முத்திரை வாங்கிய இரண்டு கடிதங்களின் நகலோடு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் எழுதுங்கள். தேதிகளை மட்டும் வரிசையாகச் சொன்னால் போதும்: எப்போது கேட்டேன், எப்போது கட்டினேன், இன்று வரை எது வரவில்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. நிறுவனத்துக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். முதல் கடிதத்தின் முத்திரைக்கு இங்கேதான் மதிப்பு. 14448 என்ற எண்ணில் பேசினால் வழிமுறையைச் சொல்வார்கள்.

தம்பிக்கு அந்த அளவுக்குப் போக வேண்டிவரவில்லை. குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய பிறகு இரண்டாவது காசோலை கூரியரில் வந்து சேர்ந்தது.

கடைசியாகக் கடன் தகவல் அறிக்கை. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். கடன் ‘முடிக்கப்பட்டது’ என்றும், நிலுவை பூஜ்யம் என்றும், முடித்த தேதி சரியாகவும் இருக்க வேண்டும். இன்னும் நடப்பில் உள்ளதாகவோ ‘செட்டில்டு’ என்றோ இருந்தால், நிலுவையில்லாச் சான்றின் நகலை இணைத்து அந்தத் தகவல் நிறுவனத்தின் தளத்திலும், கடன் கொடுத்த நிறுவனத்திடமும் திருத்தம் கேளுங்கள். புகார் பதிந்த 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. புகார் பதிந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், 30 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.